ஆவடியா, சோழிங்கநல்லூரா?

ஆவடியில் அப்பாவின் சொந்த வீடு, சோழிங்கநல்லூரில் வேலை, கைக்கு வருவது மாதம் 40,000 ரூபாய். இப்படி ஒரு பையனை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆபீஸ் பக்கம் ஒற்றை பெட்ரூம் வீடு 12,000 ரூபாய் என்றால், "வீட்டிலேயே இருந்தா அந்தப் பன்னிரண்டாயிரம் மிச்சம்தானேடா" என்பார் அம்மா. அங்கேதான் கணக்கு இடறுகிறது.

தனியாகப் போனால் வாடகையோடு நிற்காது. மெயின்டனன்ஸ், கரன்ட், தண்ணீர் கேன், நெட், பெட்ரோல், பாதி நாள் சமையலும் பாதி நாள் ஓட்டலுமாகச் சாப்பாடு, ஊர்ப்பக்கம் வந்துபோகும் செலவு எல்லாம் சேர்ந்து 23,000 ஆகிவிடும். சொந்தச் செலவு 5,000 போக மிஞ்சுவது 12,000. வீட்டிலிருந்தால் அம்மா கையில் 10,000, ரயில், பஸ், ஷேர் ஆட்டோவுக்கு 3,000, மதியச் சாப்பாட்டுக்கு 2,000. அதே 5,000 சொந்தச் செலவு போக 20,000 மிஞ்சும். ஆக, வித்தியாசம் 8,000தான்.

இதில் இன்னும் சேராதது குடிபுகும் செலவு. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, மெத்தை, அடுப்பு, பழைய ஃபிரிட்ஜ் என்று 25,000, காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஓனர் பிடித்துக்கொள்ளும் ஒரு மாத வாடகை. இரண்டு வருஷத்துக்குப் பிரித்தால் மாதம் 2,000. அட்வான்ஸ் தனி, திரும்பி வரும், ஆனால் அதுவரை வட்டியில்லாமல் முடங்கிக் கிடக்கும். 2017-இல் வந்த தமிழக வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. இருவரும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் செல்லும் என்றும் சொல்லிவிடுகிறது. ஐந்து மாதம், பத்து மாதம் என்று கேட்பவர்கள் இந்தக் கதவு வழியாகத்தான் வருகிறார்கள். இன்னொன்று: இலவச மின்சாரம் ஒரு இணைப்புக்குத்தான். உங்களுக்குத் தனி இணைப்பா, ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தானே வசூலிக்கும் சப்-மீட்டரா என்று குடிபோகும் முன்பே கேட்டுவிடுங்கள்.

எல்லாம் சேர்த்தால் வீட்டில் இருப்பதில் மாதம் 10,000 லாபம். அதற்கு விலை என்ன? ஆவடியிலிருந்து போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். பக்கத்தில் இருந்தால் போக வர ஒரு மணி நேரம். நாளுக்கு மூன்று மணி நேரம் கூடுதல்; 22 வேலை நாளுக்கு 66 மணி. அதாவது மின்ரயிலில் தொங்கிக்கொண்டு போவதற்கு மணிக்கு 150 ரூபாய் சம்பளம். ஆபீஸில் இதே பையனுக்கு மணிக்கு 200 ரூபாய் விழுகிறது. மோசமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது, உடம்பு ஒத்துழைக்கும் வரை. நைட் ஷிஃப்ட் என்றால் பேச்சே இல்லை, பக்கத்தில் வீடு பார்த்துவிட வேண்டியதுதான்.

ஆனால் அந்த 10,000 வங்கியில் சேர்ந்தால்தான் லாபம். வீட்டில் இருக்கும் பையனின் பணத்துக்குப் பல சொந்தக்காரர்கள் உண்டு. வாஷிங் மெஷின் இஎம்ஐ, தம்பியின் காலேஜ் ஃபீஸ், அம்மா கட்டும் சீட்டுக்கு ஒரு தவணை. யாரும் பிடுங்குவதில்லை. "இந்த மாசம் மட்டும் பார்த்துக்கோப்பா" என்பார்கள், அடுத்த மாதமும் அதையே சொல்வார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் கையில் ஒன்றுமிருக்காது. அப்பாவுக்கோ, பையன் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறான் என்ற நினைப்பு. சண்டை வருவது இந்த இடத்தில்தான். வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைப் பேசி ஒன்றாம் தேதியே கொடுத்துவிட்டு, அன்றைக்கே ஆர்டி தானாகப் பிடித்துக்கொள்ளும்படி செய்துவிட்டால் இரு பக்கமும் மனக்கசப்பு குறையும்.

பெண்களுக்கு இது வேறு மாதிரி. "பொண்ணு சம்பளத்துல சாப்பிடணுமா?" என்று பல அப்பாக்கள் வாங்க மாட்டார்கள், பணம் நகைச்சீட்டாகிக் கல்யாணத்துக்கு ஒதுங்கும். சேமிப்புதான், ஆனால் அதை எப்போது, எதற்கு எடுப்பது என்பது அவள் கையில் இல்லை. வாடகைக்குப் போகலாமென்றால், தனியாக வரும் பெண்ணுக்கு வீடு கொடுக்க ஓனர்களும் தயங்குவார்கள், கடைசியில் லேடீஸ் ஹாஸ்டல்தான்.

பெற்றோரே வாடகை வீட்டில் இருந்தால் இந்தக் கணக்கு தலைகீழ். பிள்ளை வெளியே போனால் குடும்பம் இரண்டு வாடகை, இரண்டு அட்வான்ஸ் கட்டும். அந்த வீடுகளில் பலர் யோசிப்பது வேறொன்று: ஆவடி வீட்டைக் காலி செய்துவிட்டு எல்லோருமாகவே ஆபீஸ் பக்கம் குடிபோனால் என்ன?