உழைக்கும் விரலுக்கு எத்தனை மில்லி மோதிரம்?

மாப்பிள்ளை மோதிரம் பெரும்பாலும் எடையில் தொடங்குகிறது. "ஒரு பவுனாவது இருக்கணும், போட்டா பார்க்கிறவங்களுக்குத் தெரியணும்" என்று பெண் வீட்டார் முதலிலேயே முடிவு செய்துவிடுவார்கள். அதற்குப் பிறகு தட்டில் இருப்பவற்றுள் எது அகலமாகத் தெரிகிறதோ அதற்குத்தான் கை போகும். மாப்பிள்ளை கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் என்றால் இதில் பெரிய கேடில்லை. நாள் முழுக்க ஸ்பேனர் பிடிப்பவர், இழைப்புளி தள்ளுபவர், மூட்டை தூக்குபவர் என்றால் அகலம் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் கை அதை உணரும்.

நாகர்கோவில் பக்கம் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கும் ஓர் இளைஞருக்குத் திருமணம் என்று வைத்துக்கொள்வோம். கோவிலில் குருவானவர் மந்திரித்துக் கொடுக்க, மணமக்கள் ஒருவருக்கொருவர் மோதிரம் அணிவிக்க வேண்டும். கல்லோ பூவேலையோ வேண்டாம், சுற்றிலும் ஒரே மாதிரி உள்ள வெற்று வளையம் போதும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அது நல்ல முடிவு. வெற்று வளையம் விரலில் சுழன்றாலும் எந்தப் பக்கம் மேலே வந்தாலும் ஒன்றுதான். கல் வைத்தது சுழன்றால் உள்ளங்கைப் பக்கம் வந்து பிடியில் உறுத்தும், இடுக்குகளில் கிரீஸும் சேரும்.

இவருக்கு முதலில் பார்க்க வேண்டியது மோதிரம் எப்படி உட்காருகிறது என்பதல்ல, எப்படிக் கழலுகிறது என்பது. ஏனென்றால் பட்டறைக்குள் இதைப் போட்டிருக்கக் கூடாது. 12 வோல்ட் பேட்டரியில் கை வைத்தால் ஷாக் அடிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் பாசிட்டிவ் முனையில் இருக்கும் ஸ்பேனர் மோதிரத்தில் பட்டு, மோதிரம் வண்டியின் சேஸிஸிலும் பட்டுவிட்டால் மின்சாரம் முழுவதும் அந்தத் தங்கத்தின் வழியாகப் பாயும். கை எடுக்கும் முன்பே வளையம் பழுக்கக் காய்ந்து விரலைச் சுற்றிச் சுட்டுவிடும். சுழலும் செயினும் ட்ரில்லிங் மெஷினும் இன்னொரு ஆபத்து. மோதிரம் எதிலாவது மாட்டிக்கொண்டு உடம்பின் எடையோ இயந்திரத்தின் விசையோ இழுத்தால், விரலின் தோலும் இரத்தக் குழாய்களும் உறைபோல உரிந்து வரலாம். இதற்கு இயந்திரம்கூடத் தேவையில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜிம்மி ஃபாலன் 2015இல் தன் வீட்டிலேயே தடுக்கி விழுந்தபோது திருமண மோதிரம் மேசையில் மாட்டிக்கொண்டது. விரலைக் காப்பாற்ற ஆறு மணி நேர அறுவை சிகிச்சை தேவைப்பட்டது.

ஆக, காலையில் கழற்றி மாலையில் போடும் மோதிரம் இது. தினம் இரண்டு முறை விரல் மூட்டைத் தாண்ட வேண்டும். கையால் உழைப்பவர்களுக்குச் சிக்கல் வருவது அந்த மூட்டில்தான். வருடக்கணக்கில் இறுக்கிப் பிடித்துப் பிடித்து மூட்டு பருத்திருக்கும், விரலின் அடிப்பகுதி அந்த அளவுக்குப் பருத்திருக்காது. நம் மெக்கானிக்குக்கு விரலின் அடியில் சுற்றளவு 60 மில்லிமீட்டர், மூட்டில் 64. நம்மூர் நகைக்கடை எண்கள் பெரும்பாலும் உள்சுற்றளவிலிருந்து 40 கழித்தால் வருபவை. அதாவது அடிக்கு 20ஆம் எண், மூட்டுக்கு 24ஆம் எண். 20 எடுத்தால் மூட்டைத் தாண்டாது. 24 எடுத்தால் தாண்டும், ஆனால் சோப்புப் போட்டுக் கை கழுவும்போது வாஷ்பேசினில் விழும்.

மூட்டில் தோல் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும் என்பதால் விடை நடுவில் இருக்கிறது. 22 அல்லது 23ஆம் எண் வளையத்தை லேசாகத் திருகித் திருகித் தள்ளினால் உள்ளே போய்விடும். அடியில் உட்கார்ந்தபின் குறுக்களவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான் இருக்கும். போடும்போது சிறு தடை, கழற்றும்போது அதைவிடச் சற்றுக் கூடுதல் தடை, ஆனால் வலி இல்லை, மூட்டுத் தோல் சுருண்டு குவியவில்லை என்றால் அளவு சரி. கையைக் கீழே தொங்கவிட்டு உதறிப் பார்க்க வேண்டும், நகரக் கூடாது. பிறகு முஷ்டி பிடித்து ஒரு நிமிடம் இறுக்க வேண்டும். விரல் துடிப்பதுபோல் இருந்தால் இறுக்கம்.

அளவெடுக்கும் நேரமும் முக்கியம். ஏசி போட்ட கடைக்குள் நுழைந்து அரை மணி உட்கார்ந்தபின் விரல் சுருங்கியிருக்கும். வெயிலில் வேலை பார்த்த மாலையில் அதே விரல் ஓரெண் அளவுக்குப் பருத்திருக்கும். மோதிரம் இவர் விரலில் இருக்கப் போவது மாலையும் இரவும் ஞாயிறும்தான். அதனால் வேலை முடிந்து கை கழுவிய மாலையில் ஒருமுறையும், ஓய்வான ஒரு காலையில் ஒருமுறையும் பார்த்துவிட்டு, மாலை அளவின் பக்கம் சாய்வது நல்லது. எந்தக் கையில் போடுவாரோ அந்தக் கையிலேயே பார்க்க வேண்டும். அதிகம் உழைக்கும் கையின் விரல் பெரும்பாலும் பருமனாகவே இருக்கும். நூலைச் சுற்றி அளந்து கொண்டுபோய்க் கொடுப்பதை நான் நம்புவதில்லை. நூல் தோலுக்குள் அமுங்கும், மோதிரம் அமுங்காது.

கடையில் கொத்தாகத் தொங்கும் அளவு வளையங்களிலும் ஒரு கண்ணி உண்டு. அவற்றில் பல இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமே இருப்பவை. அந்தச் சன்ன வளையத்தில் 22 வசதியாக இருந்தால், எட்டு மில்லி அகல மோதிரத்தில் அதே 22 இறுக்கும். அகலம் கூடக் கூட அடியில் அமுங்கும் சதை கூடுகிறது, பிதுங்கிப் போக இடம் குறைகிறது. ஆறு மில்லிக்கு மேல் போனால் ஒன்றிரண்டு எண் கூட்ட வேண்டிவரும். கூட்டினால் வேறொரு தொல்லை: அகல வளையம் கீழே விரலிடுக்கையும் மேலே மூட்டின் அடியையும் ஒரே நேரத்தில் தொடும். கையை விரித்து வைத்திருக்கும்போது தெரியாது. பைக்கின் கிளட்சைப் பிடித்தால் விளிம்பு இடுக்கில் குத்தும். குட்டை விரல்காரர்களுக்கு ஆறு மில்லியே இதைச் செய்துவிடும்.

இனி அந்த ஒரு பவுன் ஆசைக்கு வருவோம். எட்டு கிராம், 22 காரட், 22ஆம் எண், உள்ளும் வெளியும் தட்டையான வளையம். இதை எட்டு மில்லி அகலத்தில் அடித்தால் தங்கத்தின் தடிமன் ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர்தான் வரும். அதே எட்டு கிராமை நான்கு மில்லி அகலத்தில் அடித்தால் 1.7 மில்லி வரை வரும். 916 தங்கம் மென்மையானது. ஒரு மில்லிகூட இல்லாத வளையம் மூட்டை தூக்கும் கையிலும், பைக் கைப்பிடியிலும், கைப்பிடிச் சுவரிலும் நசுங்கி நசுங்கி முட்டை வடிவமாகிவிடும். முட்டை வடிவமானால் ஒரு பக்கம் கடிக்கும், மறுபக்கம் ஆடும், மூட்டில் கழலாது. அளவு தப்பாகிவிட்டது என்று கடைக்குப் போவார்கள், அளவு தப்பாகியிருக்காது. பார்வைக்குப் பெரியதாகத் தெரிய வேண்டும் என்று உள்ளே கூடாக வார்த்த மோதிரங்கள் இதைவிட மோசம். ஒருமுறை குழி விழுந்தால் நேராக்குவது பெரும்பாடு.

பெண் வீட்டாரின் ஒரு பவுனை நான் குறைக்கச் சொல்லவில்லை. அகலத்தில் பரப்பாமல் தடிமனில் போடச் சொல்கிறேன். நம் மெக்கானிக்குக்கு நான்கு மில்லி அகலம். வெளிப்புறமும் உட்புறமும் இரண்டிலும் லேசான வளைவு, நடுவில் தடிமன் இரண்டு மில்லி, ஓரத்தில் குறைவு. இந்தக் கணக்குக்கு அதே எட்டு கிராம் சரியாக வருகிறது. இரண்டு மில்லிக்கு மேல் தடிமன் வேண்டாம், பக்கத்து விரல்களை அகற்றித் தள்ளத் தொடங்கும்.

கடைகளில் "கம்ஃபர்ட் ஃபிட்" என்று சொல்வது இந்த உள்வளைவைத்தான். தட்டையான உட்புறம் தோலோடு முழுவதும் ஒட்டிக்கொள்ளும், அதன் இரு ஓரங்களும் மூட்டில் ஏறும்போது தோலைச் சுரண்டும். வளைந்த உட்புறம் நடுவில் மட்டுமே தொட்டு வழுக்கிப் போகும். வியர்வையும் தண்ணீரும் தங்காது. தினம் இரண்டு முறை கழற்றுபவருக்கு இது ஆடம்பரம் இல்லை. இதனாலேயே 22, 23 என்று தடுமாறிய இடத்தில் 22ஐத் துணிந்து எடுக்கலாம். ஒரே குறை, கூடுதல் தங்கம் கேட்கும் என்பது. மெஷினில் செய்த மோதிரங்களில் இது எளிதாகக் கிடைக்கும். ஆசாரியிடம் செய்யக் கொடுத்தால் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: "அண்ணே, உள்பக்கமும் உருட்டி விடுங்க, ஓரம் கூர்மையா இருக்கக் கூடாது." முடிந்தால் அதே அகலத்தில், அதே வளைவில் வெள்ளியிலோ பித்தளையிலோ ஒரு மாதிரி செய்யச் சொல்லி, ஒரு வாரம் மாலை நேரங்களில் போட்டுப் பார்க்கலாம். சில நூறு ரூபாய்ச் செலவு, தங்கத்தை வெட்டி ஒட்டும் கூலியைவிடக் குறைவு.

18 காரட், அதாவது 750 முத்திரை உள்ள தங்கம் கடினமானது, எளிதில் வளையாது. உழைக்கும் கைக்குப் பொருத்தம். ஆனால் மாப்பிள்ளை மோதிரத்தில் அதை ஏற்கும் குடும்பங்கள் நம் பக்கம் குறைவு. விலை மலிவாகக் கிடைக்கும் டங்ஸ்டன் கார்பைடு கீறல் விழாது, ஆனால் அளவு கூட்டவோ குறைக்கவோ முடியாது. விரல் வீங்கினால் வழக்கமான கட்டரால் அறுக்க முடியாமல், இடுக்கியில் நெரித்து உடைத்துத்தான் எடுப்பார்கள். பட்டறையில் போட்டிருக்க ஏதாவது வேண்டும் என்று மனம் கேட்டால் சிலிகான் வளையம் பரவாயில்லை. மின்சாரம் கடத்தாது, மாட்டி இழுத்தால் பிய்ந்துவிடும். கொத்தனாராக இருந்தால் அதையும் வேலை நேரத்தில் தவிர்க்க வேண்டும். ஈரச் சிமெண்டு எந்த வளையத்தின் அடியிலும் தங்கித் தோலைப் புண்ணாக்கும்.

கல்யாணத்துக்குப் பின் உடம்பு போடும், மூட்டும் இன்னும் பருக்கும். ஒருநாள் மோதிரம் சிக்கிக்கொண்டால் சோப்புத் தண்ணீரில் நனைத்து, கையை உயரத் தூக்கிப் பிடித்துச் சற்று வீக்கம் வடிந்தபின் முயல வேண்டும். அப்போதும் வராவிட்டால் மெல்லிய நூலின் ஒரு முனையை மோதிரத்தின் அடியில் நுழைத்து, மறுமுனையை மோதிரத்திலிருந்து மூட்டைத் தாண்டும்வரை இடைவெளியின்றி இறுக்கிச் சுற்றிவிட்டு, அடி முனையைப் பிடித்து விரல்நுனிப் பக்கமாக அவிழ்த்துக்கொண்டே வந்தால் மோதிரம் நூலோடு நகர்ந்து வரும். விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்துப்போனாலோ நூலோடு நேரத்தைக் கழிக்காமல் மருத்துவமனைக்குப் போய் அறுத்துவிட வேண்டும். சுற்றிலும் வேலைப்பாடு இல்லாத வெற்று வளையம் என்பதால், ஆசாரி அறுத்த இடத்தில் ஒரு துண்டு சேர்த்து 24ஆம் எண்ணாக ஒட்டித் தந்துவிடுவார்.