நாற்பத்தேழு ரூபாயின் ஓராண்டுக் கணக்கு

சென்னையில் தள்ளுவண்டியில் பழம் விற்போர் பலர், விடியற்காலையில் மொத்த வியாபாரியிடம் சரக்கைக் கடனாக வாங்குவர். விற்றுமுடிந்தபின் அன்றிரவே பணத்தைச் சற்றுக் கூட்டித் தருவர். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ என்னும் பொருளியல் அறிஞர்கள் 2011-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இவ்வழக்கத்தை விளக்கியுள்ளனர். ஆயிரம் ரூபாய்ச் சரக்குக்கு அவ்வியாபாரிகள் சராசரியாக ஏறத்தாழ 47 ரூபாய் வட்டி தருகின்றனர் என்பது அவர்கள் கண்ட கணக்கு.

நூற்றுக்கு ஐந்து ரூபாய்கூட இல்லையே என்று தோன்றலாம். ஆனால், வங்கி கூறும் வட்டி ஓராண்டுக்கு உரியது. இவ்வட்டியோ ஒரு பகற்பொழுதுக்கு உரியது. எனவே, இரண்டையும் ஒரே கால அளவில் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

ஒரு பெண் ஆண்டில் 300 நாள் வியாபாரம் செய்கிறார் எனக் கொள்வோம். 47-ஐ 300-ஆல் பெருக்கினால் 14,100 ரூபாய். ஆயிரம் ரூபாய்க்கு அவர் ஓராண்டில் தரும் வட்டி, முதலைப்போல் பதினான்கு மடங்குக்கும் மேலாகும். வங்கியில் ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வட்டி என்றால், அதே தொகைக்கு 120 ரூபாய் போதும். அவர் நாள்தோறும் கடனை முழுவதும் தீர்த்துவிடுவதால் வட்டிக்கு வட்டி ஏறுவதில்லை. ஆயினும், மறுநாள் சரக்கு வாங்கக் கையில் முதல் இல்லாமையால் மீண்டும் கடன் வாங்குகிறார்.

இதிலிருந்து மீளும் வழியும் அக்கணக்கிலேயே உள்ளது. அப்பெண் நாள்தோறும் 20 ரூபாய் ஒதுக்கி, மறுநாள் அவ்வளவுக்குச் சரக்கை ரொக்கமாக வாங்கட்டும். அவர் பெறும் கடன் 980 ரூபாயாகக் குறையும். வட்டியும் ஏறத்தாழ ஒரு ரூபாய் குறையும். மிஞ்சும் வட்டியையும் சேமிப்பில் சேர்த்துக்கொண்டே வந்தால், 50 நாள் வேண்டியதில்லை. 27-ஆம் நாள் இரவில் ஆயிரம் ரூபாய் அவருக்குச் சொந்தமாகும்.

எனினும், நடைமுறை எளிதன்று. மழையால் பழம் அழுகினாலும், வீட்டில் ஒருவர் நோயுற்றாலும் அச்சேமிப்பே முதலில் கரையும். சென்னை வியாபாரிகள் சிலரின் கடனை ஆய்வாளர்கள் அடைத்துப் பார்த்தபோது, அவர்கள் நாளடைவில் மீண்டும் கடனாளிகளாயினர். எனவே, முதலோடு இடர்காலத்திற்கு ஒரு சிறு தொகையும் தேவை. நடுவண் அரசு 2020-இல் தெருவோர வியாபாரிகளுக்கெனத் தொடங்கிய ‘பி.எம். ஸ்வநிதி’ திட்டம், முதற்கடனாக 10,000 ரூபாய் வரை வங்கிவழி பெற வழிசெய்தது.

சொற்பொருள்
முதல் – வியாபாரத்தில் இடும் பணம்
ரொக்கம் – கைப்பணம்
இடர் – துன்பம்

பயிற்சி
1. வங்கி வட்டியையும் நாள்வட்டியையும் ஒப்பிடும்முன் செய்யவேண்டியது யாது?
2. சேமிப்பு 50 நாளுக்கு முன்பே ஆயிரம் ரூபாயை எட்டுவது ஏன்?
3. ஏலூரில் ஒருவர் காலையில் 2,000 ரூபாய் பெற்று மாலையில் 2,060 ரூபாய் தருகிறார் எனக் கொள்க. 300 நாளில் அவர் தரும் வட்டி எவ்வளவு?