ராத்திரி கழுவிய குழாய் காலையில் ஏன் தோற்றது?

டேங்கர் லாரியிலிருந்து இறங்கும் பால், குளிரூட்டிய சேமிப்புத் தொட்டிக்குப் போய்ச் சேர டெய்ரிக்குள் ஐம்பது அறுபது மீட்டர் எவர்சில்வர் குழாய் வழியாகப் பயணம் செய்கிறது. ஒரு காலத்தில் இந்தக் குழாய்களைத் துண்டு துண்டாகக் கழற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, மறுபடி மாட்டுவார்கள். இப்போது யாரும் கழற்றுவதில்லை. கழுவும் நீரையும் மருந்தையும் குழாய்க்குள்ளேயே பம்ப் வைத்துச் சுற்றவிடுகிறார்கள். டெய்ரிக்காரர்கள் இதை சி.ஐ.பி. என்பார்கள். உள்ளே என்ன நடந்தது என்று கண்ணால் பார்க்க முடியாது என்பதால், சுத்தமானதா என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும். அந்தச் சோதனையை எந்தக் கட்டத்தில் எடுக்கிறோம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

முதலில் வரிசையைப் பார்த்துவிடலாம். பால் ஓட்டம் நின்றதும் வெதுவெதுப்பான தண்ணீர், 35 முதல் 45 டிகிரிக்குள். இதைவிடக் குளிர்ந்தால் கொழுப்பு உறைந்து குழாய்ச் சுவரில் அப்பிக்கொள்ளும். 60 டிகிரிக்கு மேல் போனால் பாலில் உள்ள புரதம் வெந்து ஒட்டிக்கொள்ளும். பால் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் படியும் தோலை நினைத்துக்கொண்டால் போதும். திரும்பி வரும் தண்ணீர் தெளிவாகும்வரை இது ஓட வேண்டும். இதை ஒழுங்காகச் செய்தால் குழாயில் தங்கிய பாலில் பெரும்பகுதி இங்கேயே போய்விடும். அவசரப்பட்டு நிறுத்தினால் மிச்சப் பால் அடுத்து வரும் காஸ்டிக்கின் வலுவைத் தின்றுவிடும்.

அடுத்தது காஸ்டிக் சோடா. நூற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரை பங்கு கரைசல், 70 டிகிரிக்கு மேல், சுமார் பத்து நிமிடம். கொழுப்பை சோப்பாக மாற்றுவதும் புரதத்தை ஊறவைத்துக் கரைப்பதும் இதன் வேலை. பத்து நிமிடத்தை எப்போதிலிருந்து எண்ணுவது? பம்ப் சுவிட்சைப் போட்டதிலிருந்து அல்ல. திரும்பி வரும் கரைசல் 70 டிகிரியைத் தொட்டதிலிருந்து. தொட்டியில் 75 காட்டும் கரைசல் நீண்ட குளிர்ந்த குழாயைச் சுற்றி வரும்போது முதல் சில நிமிடங்கள் 55-தான் காட்டும்.

காஸ்டிக்கால் அசைக்க முடியாதது பால் கல். பாலில் உள்ள கால்சியம் உப்புகளும் உப்பு நீரின் சுண்ணாம்பும் சேர்ந்து படியும் மெல்லிய வெள்ளை ஏடு அது. அதற்கு நைட்ரிக் அமிலம், ஒரு சதவீதத்துக்கும் குறைவாக, 60 டிகிரி அளவில். பாலைச் சூடாக்கும் இயந்திரங்களுக்கு இது ஒவ்வொரு முறையும் தேவை. குளிர்ந்த பால் ஓடும் குழாய்க்கு வாரத்துக்கு ஒருமுறை போதும் என்று பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். காஸ்டிக்குக்கும் அமிலத்துக்கும் நடுவே தண்ணீர் விட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு இரண்டும் வீணாகும்.

அமிலத்துக்குப் பிறகும் நன்றாகத் தண்ணீர் ஓட வேண்டும். காரணம் இன்னும் கடுமையானது. கடைசியாக வரும் கிருமிநாசினி பல டெய்ரிகளில் குளோரின் கரைசல்தான். அமிலம் மிச்சமிருக்கும் குழாயில் அதை விட்டால் நச்சான குளோரின் வாயு கிளம்பும். காஸ்டிக் போய்விட்டதா என்பதைப் பார்க்க, திரும்பி வரும் நீரில் இரண்டு சொட்டு பினாப்தலின் விடுவார்கள். இளஞ்சிவப்பாக மாறினால் இன்னும் கழுவ வேண்டும். அமிலம் போனதா என்பதை இது சொல்லாது, அதற்கு பி.எச். தாள் வேண்டும்.

கிருமிநாசினியை ஏன் கடைசியில் வைத்திருக்கிறார்கள்? குளோரினுக்குப் பாக்டீரியாவும் தெரியாது, பால் ஏடும் தெரியாது. எதிர்ப்பட்ட கரிமப் பொருளோடெல்லாம் சண்டை போட்டுத் தீர்ந்துவிடும். அழுக்கு இருக்கும் இடத்தில் அது மேல்பரப்பைத் தொட்டுவிட்டு ஓய்ந்துபோகும். ஏட்டுக்கு அடியில் இருக்கும் பாக்டீரியா பிழைத்துக்கொள்ளும்.

இனி சோதனைக்கு வருவோம். ஒரு நடுத்தர டெய்ரி என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி சி.ஐ.பி. முடிந்து, குளோரினும் ஓடி முடிந்தபின் தரக்கட்டுப்பாட்டு ஊழியர் குழாய் இணைப்பைத் திறந்து ஸ்வாப் எடுக்கிறார். கையில் இருப்பது ஏ.டி.பி. கருவி. மின்மினிப்பூச்சியை ஒளிர வைக்கும் நொதிதான் இதன் உயிர். உயிர்ப் பொருளின் மிச்சம் எங்கே இருந்தாலும் அதில் உள்ள ஏ.டி.பி.யோடு சேர்ந்து வெளிச்சம் தரும். வெளிச்சம் கூடினால் அழுக்கு அதிகம். எல்லை 150 என்று வைத்திருக்கிறார்கள் (கருவிக்குக் கருவி இந்த எண் மாறும்). எல்லா இடத்திலும் 50-க்குக் கீழே வருகிறது. பாஸ். ஆனால் காலையில் அந்த வழியாக வந்த முதல் பால் மட்டும் மெத்திலீன் நீலச் சோதனையில் சீக்கிரமே நிறம் இழக்கிறது. டேங்கரில் எடுத்த மாதிரியோ நன்றாக இருக்கிறது. சந்தேகம் குழாய் மீது.

குளோரின் அளவைக் கூட்டிப் பார்க்கிறார்கள். பலன் இல்லை. பொதுவாக முதலில் தோன்றும் யோசனை இதுதான், பெரும்பாலும் தவறானதும் இதுதான்.

அடுத்த ராத்திரி ஸ்வாப்பை ஒரு கட்டம் முன்னால் எடுக்கிறார்கள்: கடைசித் தண்ணீர் ஓடிய பின், குளோரின் விடுவதற்கு முன். இப்போது இரண்டு அங்குலக் குழாயில் 30, 40. தொட்டிக்கு அருகே மூன்று அங்குலக் குழாயில் 600. ஈரமான ஸ்வாப்பில் ஒட்டிவந்த குளோரின், மின்மினி நொதியையே முடக்கி முந்தைய எண்ணைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. குளோரின் விட்டபின் கிருமி எண்ணிக்கைக்காக ஸ்வாப் எடுப்பதானாலும், அதை முறிக்க சோடியம் தயோசல்பேட் கலந்த திரவத்தில்தான் எடுக்க வேண்டும்.

சரி, மூன்று அங்குலத்தில் மட்டும் ஏன்? குழாய்ச் சுவரை உரசித் தேய்ப்பது ஓட்டத்தின் வேகம். விநாடிக்கு ஒன்றரை மீட்டராவது வேண்டும் என்பது டெய்ரிகளின் பொதுக் கணக்கு. இரண்டு அங்குலக் குழாயில் அந்த வேகம் வர மணிக்குச் சுமார் 9,500 லிட்டர் ஓட வேண்டும், இங்குள்ள சி.ஐ.பி. பம்ப் சரியாக அதைத்தான் தள்ளுகிறது. அதே ஓட்டம் மூன்று அங்குலத்துக்குள் நுழைந்ததும் வேகம் 0.6 மீட்டராகச் சரிகிறது. வேகம் குறைந்தால் இன்னொரு சிக்கல்: குழாயின் உச்சியில் காற்று தங்கும், காஸ்டிக் அங்கே படவே படாது. இணைப்பைக் கழற்றி உலரவிட்டு டார்ச் அடித்தால், அடிப்பாதி பளபளக்கிறது. மேல்பாதியில் நீலம் கலந்த வெண்மை. விரலால் தடவினால் வழுக்குகிறது. இரவு முழுக்க அந்த ஏட்டில் பாக்டீரியா பெருகி, காலைப் பாலில் இறங்கியிருக்கிறது.

இதற்குத் தீர்வு இரண்டு. மூன்று அங்குலத்துக்கு ஒன்றரை மீட்டர் வேகம் வேண்டுமானால் மணிக்கு 22,500 லிட்டர் தள்ளும் பம்ப் வேண்டும். அதற்கேற்ற தண்ணீர், காஸ்டிக், சூடு எல்லாம் கூடும். மற்றது, தொட்டியை மாற்றியபோது கையில் கிடைத்ததென்று போட்ட அந்தப் பன்னிரண்டு மீட்டர் மூன்று அங்குலக் குழாயைக் கழற்றிவிட்டு இரண்டு அங்குலம் போடுவது. அகலக் குழாயால் பால் வேகமாக இறங்கியதா என்றால் அதுவும் இல்லை. அதற்கு முன்னால் உள்ள நாற்பது மீட்டரும் இரண்டு அங்குலம்தான்.