சாக்லேட் தின்றால் நோபல் கிடைக்குமா?

2012 அக்டோபரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ என்ற மருத்துவ இதழில் சின்னக் கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர் நியூயார்க்கில் பணியாற்றிய இதயநோய் மருத்துவர் ஃபிரான்ஸ் மெசெர்லி. 23 நாடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு எத்தனை கிலோ சாக்லேட் தின்கிறார்கள், ஒரு கோடி மக்களுக்கு எத்தனை பேர் நோபல் வாங்கியிருக்கிறார்கள் என்று பார்த்து, நாட்டுக்கு ஒரு புள்ளியாக வரைபடத்தில் வைத்தார். புள்ளிகள் இடமிருந்து வலமாக மேலேறின. இரண்டிலும் உச்சியில் நின்றது சுவிட்சர்லாந்து. ஒட்டுறவுக் கெழு 0.791.

அவர் பாதி வேடிக்கையாகத்தான் எழுதினார். ஒட்டுறவு காரணத்தை நிரூபிக்காது என்றும் அதே கட்டுரையில் சொல்லியிருந்தார். ஆனாலும் சாக்லேட் மூளைக்கு நல்லது என்ற தொனியில் செய்தி உலகைச் சுற்றிவந்தது. எண்ணில் பிழையில்லை, அதைச் சொன்ன விதத்தில்தான் சிக்கல்.

ஒட்டுறவுக் கெழு -1 முதல் +1 வரை போகும். புள்ளிகள் ஒரு நேர்கோட்டை எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதை மட்டுமே அது சொல்லும். எது காரணம், எது விளைவு என்ற பேச்சே அதில் கிடையாது. சாக்லேட்டை நெடுக்கிலும் நோபலைக் கிடக்கையிலும் மாற்றி வைத்தாலும் அதே 0.791தான் வரும்.

புள்ளிகளுக்கு நடுவே பொருத்தி வரையும் கோடு அப்படியல்ல. அதற்குத் திசை உண்டு. ஆளுக்கு 0.4 கிலோ சாக்லேட் கூட்டினால் கோடிப் பேருக்கு ஒரு விருதாளர் கூடுவார் என்று மெசெர்லி கணக்குச் சொன்னார். அதாவது ஒரு கிலோவுக்கு இரண்டரை விருதாளர்கள். இது சாக்லேட்டை வைத்து நோபலைக் கணிக்கும் கோடு. அதே புள்ளிகளில் நோபலை வைத்து சாக்லேட்டைக் கணிக்கும் கோட்டை வரைந்தால் வேறு சரிவு கிடைக்கும். இரண்டு சரிவுகளையும் பெருக்கினால் கெழுவின் வர்க்கம், அதாவது சுமார் 0.63, வரவேண்டும். 0.63-ஐ இரண்டரையால் வகுத்தால் 0.25. ஆக, ஒரு விருதாளர் கூடுதலாக உள்ள நாடுகளில் சாக்லேட் சராசரியாகக் கால் கிலோதான் கூடுதல், 0.4 கிலோ அல்ல. புள்ளிகள் எல்லாம் அந்தக் கோட்டின் மேலேயே நின்றிருந்தால்தான், திருப்பிப் போட்டாலும் ஒரே விடை வந்திருக்கும். அது காட்டுவது நாடுகளுக்கிடையே உள்ள சராசரி வித்தியாசத்தை மட்டுமே.

ஸ்வீடனைப் பாருங்கள். அங்கே ஆளுக்கு 6.4 கிலோ. கோட்டின்படி சுமார் 14 பேர் வாங்கியிருக்க வேண்டும், வாங்கியவர்கள் 32. அந்த ஒரு நாட்டை நீக்கினால் கெழு 0.862 ஆகிறது. 23 புள்ளிகளில் ஒன்று போனாலே எண் இப்படி நகர்கிறது. அதனால்தான் எத்தனை புள்ளிகள், எதை நீக்கினோம் என்பதையும் கெழுவோடு சேர்த்துச் சொல்லவேண்டும். கோட்டை இடப்பக்கம் நீட்டிப் பார்த்தால், சாக்லேட்டே தின்னாத நாட்டுக்குப் பூஜ்யத்துக்கும் கீழே விருதாளர்கள் வருவார்கள்! தரவு இருக்கும் எல்லைக்கு வெளியே கோட்டுக்குப் பொருளில்லை.

இன்னொன்று, காலம். நோபல் எண்ணிக்கை 1901-இலிருந்து சேர்ந்தது. சாக்லேட் கணக்கோ 2002 அல்லது அதற்குப் பிந்தைய ஏதோ ஓராண்டினுடையது. இன்றைக்குத் தின்ற சாக்லேட் ஐன்ஸ்டைனுக்கு 1921-ஆம் ஆண்டுக்கான விருதை வாங்கித் தந்திருக்க முடியாது. பணக்கார நாட்டில் ஆய்வகமும் அதிகம், சாக்லேட் வாங்கக் காசும் அதிகம் என்பது எளிதில் தோன்றும் மாற்று விளக்கம். மேலும், இவை நாடுகளின் சராசரிகள். நோபல் வாங்கியவர் எவ்வளவு தின்றார் என்பது இந்தத் தரவில் இல்லவே இல்லை.

அப்படியானால் எப்படி எழுதுவது? இப்படி எழுதலாம்: “23 நாடுகளின் தரவில், சாக்லேட் நுகர்வு அதிகமுள்ள நாடுகளில் கோடிப் பேருக்கான நோபல் விருதாளர்களும் அதிகமாக இருந்தனர் (r = 0.79). நுகர்வில் ஆளுக்கு 1 கிலோ வித்தியாசமுள்ள நாடுகளிடையே சராசரியாக 2.5 விருதாளர் வித்தியாசம் காணப்பட்டது. நாடுகளின் செல்வநிலை கணக்கில் எடுக்கப்படவில்லை.” இதில் யாரும் எதையும் கூட்டவில்லை, எதுவும் எதையும் உயர்த்தவில்லை. ஏற்கெனவே இருந்த நாடுகளை ஒப்பிட்டதோடு வாக்கியம் நின்றுவிடுகிறது.

‘இதைக் கூட்டினால் அது கூடும்’ என்று அடுத்த முறை நாளிதழில் படிக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: யாராவது உண்மையிலேயே கூட்டிப் பார்த்தார்களா, அல்லது ஏற்கெனவே கூடுதலாக இருந்தவர்களைக் குறைவாக இருந்தவர்களோடு ஒப்பிட்டார்களா? ஒப்பிட்டது மட்டும்தான் என்றால், அந்தச் செய்தியை நம்பி உங்கள் சாப்பாட்டை மாற்றவேண்டாம்.