அந்த மூதாட்டி சுதந்திரமாக இருந்தாரா?

இந்தத் தவணை எமது உயர்தர வகுப்பில் சுதந்திரம் பற்றிய ஒரு சிறு கட்டுரையைச் “சோக்கிரட்டீஸ் வட்டம்” என்ற முறையில் கலந்துரையாடினோம். பாடம் முடிந்த பிறகு டீச்சர் தனது வினாத்தாளை என்னிடம் தந்தார். அதில் எழுதி வெட்டிய கேள்விகளும் இருந்தன. வெட்டப்பட்டவற்றைப் பார்த்த பிறகுதான் மிஞ்சிய கேள்விகளின் அருமை எனக்கு விளங்கியது. வட்டமாக இருந்து கதைப்பது எப்படிப் படிப்பாகும் என்று கேட்கும் பெற்றோருக்கும் இது பயன்படலாம் என்பதால் அந்தத் தாளைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

முதலில் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வகுப்பு இரண்டாகப் பிரியும். பாதிப்பேர் உள்வட்டத்தில் இருந்து பேசுவார்கள். மீதிப்பேர் வெளிவட்டத்தில் இருந்து, பேசாமல், பேச்சு எப்படிப் போகிறது என்று குறிப்பெடுப்பார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தின் பின் வெளிவட்டம் தான் கண்டதைச் சொல்லும். பிறகு இடம் மாறுவோம். கட்டுரை முதல் நாளே கையில் இருக்கும், பென்சிலால் கோடிட்டுப் படித்து வர வேண்டும். டீச்சர் தன் கருத்தைச் சொல்லமாட்டார். அவரிடம் இருப்பவை கேள்விகள் மாத்திரமே. பேச்சைத் தொடக்கி வைக்கும் கேள்வி ஒன்று; பேசுபவர் சொன்னதற்குள்ளேயே இறங்கித் துருவும் கேள்விகள் சில.

நாங்கள் எடுத்துக்கொண்டது ஆங்கிலப் பத்திரிகையாளர் ஏ. ஜி. கார்டினர் எழுதிய வீதி ஒழுங்கு பற்றிய கட்டுரை. 1918இல் வெளிவந்த அவரது தொகுதி ஒன்றில் இருக்கிறது. டீச்சரே அதைத் தமிழாக்கித் தந்திருந்தார். புரட்சிக் காலத்து ரஷ்யாவின் பெத்ரோகிராட் நகரில் ஒரு மூதாட்டி கூடையோடு நடுவீதியில் நடந்து போகிறார். வாகனங்கள் தடுமாறுகின்றன. நடைபாதையில் போகலாமே என்று ஒருவர் சொல்ல, இப்போது எங்களுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது, விரும்பிய இடத்தில் நடப்பேன் என்கிறார் மூதாட்டி. அப்படியானால் வண்டிக்காரர் நடைபாதையில் ஓட்டலாம்தானே, கடைசியில் ஒருவரும் எங்கேயும் போய்ச் சேரமாட்டார்களே என்பது கார்டினரின் வாதம். சந்தியில் கையை உயர்த்தி நிறுத்தும் பொலிஸ்காரர் எங்கள் சுதந்திரத்தைப் பறிப்பவர் அல்ல, அதைக் காப்பவர் என்கிறார். மற்றவரைத் தொடாத விடயங்களில் நான் என் இஷ்டப்படி இருக்கலாம். தொடும் விடயங்களில் மற்றவரின் சுதந்திரத்தோடு என்னுடையதை ஒத்துப்போகச் செய்ய வேண்டும். கட்டுரை முழுவதும் இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதைப் பற்றித்தான்.

தாளில் முதலில் எழுதி வெட்டப்பட்டிருந்த கேள்வி: “சுதந்திரம் மனிதனுக்கு ஏன் அவசியம்?” பேச்சுப் போட்டித் தலைப்பைப் போல் இருக்கிறது. கட்டுரையைத் திறந்தே பார்க்காத ஒருவர்கூட இதற்கு ஐந்து நிமிடம் பேசிவிடலாம். வெட்டப்பட்ட அடுத்தது: “மூதாட்டி நடுவீதியில் நடந்தது ஏன் தவறு?” இதில் தவறு என்ற தீர்ப்பைக் கேள்வியே கொடுத்துவிடுகிறது. எங்களுக்கு மிஞ்சுவது காரணத்தைத் தேடி எடுத்துக் கொடுக்கும் வேலை மட்டும்தான். மூன்றாவது, “பொலிஸ்காரரை ஆசிரியர் எதன் சின்னமாகக் காட்டுகிறார்?” அதற்கு ஒரே விடைதான். ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கு வேலையில்லை.

அதன் கீழே வட்டமிட்டிருந்தது: “அந்த மூதாட்டி சுதந்திரமாக இருந்தாரா?”

எவ்வளவு சின்னக் கேள்வி! ஆனால் ஆம் என்பவரும் இல்லை என்பவரும் ஒரே தாளில் வெவ்வேறு வரிகளைக் காட்ட முடியும். கட்டுரையைப் படிக்காமல் இதற்குப் பதில் சொல்லவே முடியாது. டீச்சர் என்னிடம் சொன்ன இன்னொரு சோதனையும் உண்டு: அவருக்கே விடை உறுதியாகத் தெரிந்த கேள்வியை அவர் தொடக்கக் கேள்வியாக வைப்பதில்லை. கேட்பவருக்கு உண்மையில் தெரியாது என்பது பிள்ளைகளுக்கு எப்படியோ விளங்கிவிடும், அப்போதுதான் வாயைத் திறப்பார்கள் என்றார்.

கேள்வியைக் கேட்டதும் நீண்ட மௌனம். டீச்சர் கேள்வியைத் திரும்பச் சொல்லவில்லை, விளக்கவும் இல்லை. மனதுக்குள் பத்து வரை எண்ணுவாராம். ஏழிலோ எட்டிலோ ஒரு தோழி தொடங்கினாள்.

“இருந்தார். அவர் நினைத்ததைச் செய்தார். ஒருவரும் அவரைப் பிடித்து இழுக்கவில்லை.”

“தடுக்க ஆளில்லாவிட்டால் அதுவே சுதந்திரமா?” என்று டீச்சர் கேட்டார். தோழி உபயோகித்த சொல்லை எடுத்து அவளிடமே கொடுப்பது போன்ற கேள்வி இது. வினாத்தாளின் ஓரத்தில் இதற்குப் பக்கத்தில் “சொல்லின் பொருள்” என்று எழுதியிருந்தது.

இன்னொருத்தி குறுக்கிட்டாள்: “இல்லை, அவர் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா என்றே கட்டுரையில் இல்லை. எல்லோரும் அவரைப் போல நடந்தால் அவரும் சேரமாட்டார்.”

“அது எந்த இடத்தில் இருக்கிறது?”

எல்லோரும் தாளைப் புரட்டினோம். எல்லோரும் அப்படிச் செய்தால் என்ன நடக்கும் என்பது கட்டுரையில் இருக்கிறது. ஆனால் அன்று அப்படி நடந்தவர் மூதாட்டி ஒருவர்தான். அப்படியானால் அவர் மட்டும் நடக்கும்போது அவருக்குச் சுதந்திரம் உண்டு, எல்லோரும் நடக்கும்போது இல்லை என்றாகிறதே! எங்களில் ஒருத்தி இதைச் சொன்னபோது உள்வட்டம் கொஞ்சம் சூடாகியது. டீச்சர் பேசவில்லை. மூன்று பேராவது பேசி முடிக்கும்வரை அடுத்த துருவும் கேள்வியைக் கேட்பதில்லை என்பது அவர் தனக்கு வைத்திருக்கும் விதி. இல்லாவிட்டால் பேச்சு டீச்சருக்கும் ஒரு பிள்ளைக்கும் இடையிலான பந்தாட்டமாகிவிடும். அப்படி ஆகிவிட்டதைக் கண்டுபிடிப்பதும் இலேசுதான். பேசுபவரின் கண் எங்கே போகிறது என்று பார்த்தால் போதும். தோழியைப் பார்த்துப் பேசினால் வட்டம் சரியாக ஓடுகிறது, டீச்சரைப் பார்த்துப் பேசினால் அது பழைய வகுப்பறையேதான்.

துருவும் கேள்விகளை முன்கூட்டியே எழுத முடியுமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. யார் என்ன சொல்வார்கள் என்று எப்படித் தெரியும்? பாதி முடியும் என்பதுதான் பதில். எங்கே சொன்னார், என்ன கருத்தில் சொன்னீர்கள், அப்படியானால் அடுத்து என்ன ஆகும் என்பவை எதற்கும் பொருந்தும். ஆனால் மிகப் பெறுமதியானது ஆசிரியர் சொல்லாமலே எடுத்துக்கொண்ட ஒன்றைத் தோண்டும் கேள்வி. அதைக் கட்டுரையைப் பலமுறை படித்துத்தான் எழுத முடியும். எங்கள் தாளில் அப்படி ஒன்று இருந்தது.

கட்டுரையின் பிற்பகுதியில் கார்டினர் பிள்ளையின் கல்வியைப் பற்றிப் பேசுகிறார். என் பிள்ளை எந்தப் பாடசாலைக்குப் போக வேண்டும், விஞ்ஞானம் படிக்க வேண்டுமா கலை படிக்க வேண்டுமா, எந்த விளையாட்டு விளையாட வேண்டும் என்று எந்த அதிகாரமும் எனக்குச் சொல்லக்கூடாது, அவை சொந்த விடயங்கள் என்கிறார். ஆனால் என் பிள்ளைக்குக் கல்வியே வேண்டாம் என்று நான் சொன்னால் சமூகம் தலையிடும், அது நியாயம் என்கிறார். முதல் வாசிப்பில் எங்களில் ஒருவருக்கும் இதில் வித்தியாசமாக எதுவும் படவில்லை. அழகாகக் கோடு போட்டிருக்கிறார் என்றே நினைத்தோம்.

டீச்சர் கேட்டார்: “இந்தப் பந்தியில் பிள்ளை எங்கே?”

மௌனம் இந்த முறை பத்தைத் தாண்டியது. திரும்பப் படித்தோம். தகப்பன் இருக்கிறார், அதிகாரம் இருக்கிறது, சமூகம் இருக்கிறது. மூன்று தரப்பும் பிள்ளையைப் பற்றிப் பேசுகின்றன, பிள்ளை பேசவே இல்லை. விஞ்ஞானமா கலையா என்பது சொந்த விடயம் என்றால், யாருடைய சொந்த விடயம்?

உயர்தரத்துக்கு வந்திருக்கும் எங்களுக்கு இது 1918ஆம் ஆண்டின் கேள்வி அல்ல. “நான் கலைப்பிரிவு கேட்டேன். வாப்பாதான் சயன்ஸ் செய்யச் சொன்னாங்க” என்று ஒரு தோழி மெதுவாகச் சொன்னாள். உடனே இன்னொருத்தி, “எனக்கும் உம்மாதான் தெரிவு செஞ்சாங்க. ஆனால் பதினாறு வயதில எனக்கு என்ன தெரியும்? இப்ப சந்தோஷமாத்தான் இருக்கிறேன்” என்றாள். இந்த இடத்தில்தான் ஆபத்து அதிகம். பேச்சு வீட்டு முறைப்பாடாக மாறலாம், அல்லது டீச்சர் ஒரு பக்கம் சாய்ந்துவிடலாம். “அப்படியென்றால் பெற்றோர் சொல்வதைக் கேட்க வேண்டாமா?” என்று அவர் கேட்டிருந்தால் அது கேள்வி வேடம் போட்ட புத்திமதியாகியிருக்கும், நாங்களும் தலையாட்டிவிட்டு அடங்கியிருப்போம். அவர் எங்களை மறுபடி தாளுக்கே கொண்டுவந்தார்: “மூதாட்டிக்கும் வண்டிக்காரருக்கும் கார்டினர் வைத்த அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். தகப்பனின் தெரிவு யாருடைய பாதையைத் தொடுகிறது?”

அந்த அளவுகோலின்படி பிள்ளையைத் தொடுகிறது. அப்படியானால் அது தகப்பனின் தனிப்பட்ட விடயம் என்று கார்டினர் சொன்னது அவரது விதிக்கே இடிக்கிறது என்றது ஒரு தரப்பு. நடக்கப் பழகும் பிள்ளையின் கையைப் பிடித்து வீதியைக் கடப்பதைச் சுதந்திரத்தைப் பறிப்பதாக ஒருவரும் சொல்வதில்லையே என்றது மறு தரப்பு. எத்தனை வயதுவரை கையைப் பிடிப்பது என்று ஒருத்தி கேட்டாள். இது டீச்சரின் தாளில் இல்லாத கேள்வி. அவர் அதைப் பென்சிலால் எழுதிக்கொண்டதை வெளிவட்டத்தில் இருந்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.

இடம் மாறிய பிறகு இரண்டாவது குழு உடை பற்றிய பகுதியை எடுத்தது. விரும்பிய உடையில் இலண்டன் வீதியில் நடக்கலாம், அது யாரையும் தொடாது என்று கார்டினர் இலேசாக, சிரிப்போடு எழுதிப் போகிறார். “பார்ப்பவருக்குப் பிடிக்காமல் போவது அவரைத் தொடுவதாகுமா?” என்று டீச்சர் துருவினார். 2019 ஏப்ரலின் பின் இங்கே முகத்தை மூடுவது தடை செய்யப்பட்ட காலத்தை ஒருத்தி உடனே எடுத்தாள். பயம் வேறு, பிடிக்காமை வேறு, இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று பேச்சு போனது. நேரம் போதவில்லை என்பது என் அபிப்பிராயம். இதற்கு ஒரு தனி வட்டமே வேண்டும்.

வெளிவட்டத்தின் குறிப்புகளில் எனக்குப் பிடித்தது ஒன்று. “முதல் பத்து நிமிடத்தில் நாங்கள் மூதாட்டியைத் திட்டினோம். பிறகு கார்டினரிடம் கணக்குக் கேட்டோம்” என்று ஒருத்தி எழுதியிருந்தாள். இன்னொருத்தி, உள்வட்டத்தில் இரண்டு பேர் வாயே திறக்கவில்லை என்றும், அதில் ஒருத்தி இரண்டு தடவை பேச வாயெடுத்து மற்றவர்கள் முந்திக்கொண்டதால் விட்டுவிட்டாள் என்றும் குறித்திருந்தாள். அந்தப் பிள்ளைக்கு அடுத்த வட்டத்தில் முதல் பேச்சு என்று முடிவானது.

அடுத்த வகுப்புக்காக டீச்சர் தாளைத் திருத்தியிருக்கிறார். தொடக்கக் கேள்வி அப்படியே இருக்கிறது. பொலிஸ்காரரைப் பற்றிய ஒரு கேள்வியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எங்கள் தோழி கேட்டதை எழுதியிருக்கிறார்: “எத்தனை வயதுவரை கையைப் பிடிப்பது?”