விலாவலி எல்லாம் கல்வலி அல்ல

முகமும் காலும் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போகும் நெஃப்ராடிக் சிண்ட்ரோம் நோயாளிகளில் சிலர் திடீரென்று ஒரு பக்க விலாவலியோடு வருகிறார்கள். வருவதற்குள் ஒரு வாரமாவது வாழைத்தண்டுச் சாறு குடித்திருக்கிறார்கள். சிறுநீர் சிவந்து போனதால் 'கல்தான்' என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். அவர்களில் சிலருக்குக் கல்லே இல்லை. சிறுநீரகத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறது.

ஒருவருக்கு நடந்தது

நாற்பதைத் தாண்டிய வெல்டிங் தொழிலாளி அவர். இரண்டு மாதமாகக் கால் வீக்கம். மெடிக்கல் ஷாப்பில் நீர் இறங்கும் மாத்திரை வாங்கி, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று போட்டிருக்கிறார். வீக்கம் குறைந்ததும் சந்தோஷப்பட்டிருக்கிறார். பிறகு இடது விலாவில் வலி வந்தது. அதற்கு வலி மாத்திரை. பத்தாம் நாள் மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்கியபோதுதான் எங்களிடம் வந்தார். ரத்தத்தில் ஆல்புமின் 1.8 கிராம்தான் இருந்தது, 3.5-க்கு மேல் இருக்க வேண்டியது. சி.டி. ஸ்கேனில் இடது சிறுநீரகச் சிரையில் ஒரு ரத்தக்கட்டி, அதிலிருந்து பிரிந்துபோன துண்டு நுரையீரலில்.

ஏன் உறைகிறது?

சிறுநீரில் ஒழுகுவது ஆல்புமின் மட்டுமல்ல. ரத்தம் தேவையில்லாமல் உறையாதபடி காக்கும் ஆன்டித்ராம்பின் போன்ற புரதங்களும் கூடவே போய்விடுகின்றன. இழப்பை ஈடுகட்ட முனையும் கல்லீரல், உறைய வைக்கும் ஃபைப்ரினோஜனை அதிகமாக உற்பத்தி செய்து தள்ளுகிறது. இந்த நிலையில் நீர் மாத்திரையை இஷ்டத்துக்குப் போட்டால் ரத்தம் இன்னும் கெட்டிப்படும். அந்த மாத்திரை கெட்டதல்ல. அளவு பார்த்து, எடை பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து. கடைக்காரரிடம் கேட்டு வாங்கிப் போடுகிற மருந்தா அது?

நெஃப்ராடிக் சிண்ட்ரோமுக்குக் காரணமான நோய்களில், மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி என்ற வகையில்தான் இந்த ஆபத்து மிக அதிகம். நோய் தெரிந்த முதல் 6 மாதங்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டிய காலம்.

நம்பிக்கைகளும் உண்மையும்

'கிரியேட்டினின் நார்மல், அதனால் கிட்னிக்கு ஒன்றுமில்லை' என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். மேலே சொன்னவருக்கும் அது 1.1தான். ஒரு சிறுநீரகத்தின் சிரை மெல்ல மெல்ல அடைபட்டால் மற்றொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும், வலிகூட இருக்காது. சிலருக்கு நுரையீரல் அடைபட்ட பிறகுதான் விஷயமே தெரிகிறது. ஆண்களுக்கு இடது விரைப்பக்கம் புதிதாக நரம்பு புடைத்து வீங்குவதும் ஓர் அறிகுறி. கூச்சப்பட்டு அதை மறைக்கிறார்கள். தயவுசெய்து சொல்லுங்கள்.

'ஆஸ்பிரின் போடுகிறேனே, போதாதா?' போதாது. ஏற்கெனவே உறைந்த சிரைக்கு அது மாற்று மருந்தல்ல.

'இயற்கை மருந்து, பக்கவிளைவு இல்லை' என்பதைக் கேட்டால் எனக்குக் கோபமே வருகிறது. பாதரசம் கலந்த சில நாட்டு மருந்துகளுக்கும் மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதியின் ஒரு வகைக்கும் உள்ள தொடர்பை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பாதரசம் உள்ள சிவப்பழகு கிரீம் பூசி இதே நோயோடு வந்தவர்கள் கேரளத்தில் இருக்கிறார்கள். கட்டி உருவாகும் நோயையே அந்தப் பொட்டலமும் டப்பாவும் கொண்டுவரலாம்.

பரிசோதனை

டாப்ளர் ஸ்கேன் அல்லது சி.டி. ஸ்கேன், கூடவே ஆல்புமின்.

யாருக்கு, எப்போது உறைவுத் தடுப்பு மருந்து?

கட்டி இருப்பது உறுதியானால், ரத்தக்கசிவு ஆபத்து பெரிதாக இல்லாதவரை, தயங்க இடமில்லை. ஹெப்பாரின் ஊசியில் தொடங்கி வார்ஃபரின் மாத்திரைக்கு மாற்றி, ஐ.என்.ஆர். அளவை 2-க்கும் 3-க்கும் இடையில் வைத்திருக்கிறோம். ஹெப்பாரின் வேலை செய்வதே ஆன்டித்ராம்பின் துணையோடுதான். அதுவே ஒழுகிப் போயிருப்பதால் சிலருக்கு வழக்கத்தைவிட அதிக அளவு தேவைப்படும். புதிய வகை மாத்திரைகள் ஆல்புமின் மிகக் குறைந்தவர்களிடம் எவ்வளவு நம்பகமானவை என்பதற்குப் போதுமான ஆதாரம் இன்னும் சேரவில்லை. மருந்து பொதுவாக 6 முதல் 12 மாதம். அதற்குப் பிறகும் ஆல்புமின் ஒழுக்கு நிற்கவில்லை என்றால் தொடரும்.

கட்டி இல்லாதவருக்கு முன்கூட்டியே கொடுப்பதுதான் கடினமான முடிவு. ஆல்புமின் 2.5-க்குக் கீழே போய், மெம்ப்ரனஸ் வகையாகவும் இருந்து, அதிக உடல் பருமன், அண்மை அறுவை சிகிச்சை, படுத்த படுக்கை போன்றவை ஏதாவது சேர்ந்தால் கொடுப்பதைப் பற்றி யோசிக்கிறோம். குடல்புண், முன்பு மூளையில் கசிவு, அடிக்கடி விழும் முதுமை, ஐ.என்.ஆர். பார்க்க வர முடியாத தூரம் ஆகியவை தராசின் மறு தட்டில் இருக்கும். ஆல்புமின் அளக்கும் முறை லேபுக்கு லேப் மாறும் என்பதால், ஒரே லேபில் பாருங்கள்.

கெஞ்சிக் கேட்பது

வார்ஃபரின் போடுகிறவர்கள் கீரையை விட வேண்டாம். வாரத்துக்கு வாரம் ஏறாமல் இறங்காமல் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். வலி மாத்திரையை மட்டும் தொடாதீர்கள்; கசிவும் வரும், சிறுநீரகமும் கெடும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாளில் நீர் மாத்திரை போடலாமா என்று போன் செய்து கேளுங்கள்; அதற்காக எந்த மருத்துவரும் திட்ட மாட்டார். வீக்கம் இருக்கிறதே என்று நாள் முழுக்கப் படுக்காதீர்கள், வீட்டுக்குள்ளாவது நடங்கள். விலாவலி, சிவந்த சிறுநீர், ஒரு காலில் மட்டும் கூடும் வீக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே வாருங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். ஏறியதும் 'நெஃப்ராடிக் நோயாளி' என்பதை முதலில் சொல்லுங்கள்.