எல்லா இலக்கமும் வருமுன் எத்தனை சீட்டிழுப்பு?

வவுனியாப் பேருந்து நிலையத்திலும் கிளிநொச்சிச் சந்தியிலும் முல்லைத்தீவுச் சந்தையிலும் லொத்தர்ச் சீட்டு வாங்குவோருள் இருவகையினர் உளர். கையில் அகப்பட்ட சீட்டை வாங்கிச் செல்வோர் ஒருவகையினர். மற்றையோர் முன்னைய முடிவுகளைக் கொப்பியில் எழுதிவைத்து, “இந்த இடத்தில் ஏழு வந்து கனநாளாயிற்று, இனி அது வந்தே தீரும்” எனக் கணித்து வாங்குவோர். இவ்விரண்டாம் வகையினரின் கணிப்பு எத்துணைப் பொருத்தமுடையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1963ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தின் வழி அமைந்த தேசிய லொத்தர் சபை நடத்தும் மகஜன சம்பத லொத்தரை எடுத்துக்கொள்வோம். அதன் சீட்டில் ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கங்களும் உள்ளன. அவ்வாறு இடங்களுள் ஒன்றை மட்டும் நோக்குவோம். அங்கு ஒவ்வொரு சீட்டிழுப்பிலும் 0 முதல் 9 வரையுள்ள பத்து இலக்கங்களுள் ஒன்று வருகின்றது. இன்று தொடங்கிக் குறித்துவந்தால், பத்து இலக்கங்களும் ஒருமுறையேனும் வந்து முடிவதற்குச் சராசரியாக எத்தனை சீட்டிழுப்புகள் வேண்டும்? பத்து என்பது மிகக் குறைவு. ஒன்றும் இருமுறை வராதிருந்தாலன்றோ பத்தில் முடியும்! இருபது போதும் என்பார் பலர். அதுவும் போதாது.

கணக்கிடும் முறை எளிது. ஒரு நிகழ்ச்சி பத்தில் ஒரு முறை நிகழுமாயின், ஆயிரம் சீட்டிழுப்பில் அது ஏறத்தாழ நூறு முறை நிகழும். ஆகவே அதற்காகச் சராசரியாகப் பத்துச் சீட்டிழுப்புக் காத்திருத்தல் வேண்டும். பத்தில் ஐந்து முறை நிகழுமாயின் இரண்டு சீட்டிழுப்பே போதும். இவ்விதியைப் படிப்படியாகப் பயன்படுத்துவோம்.

முதற் சீட்டிழுப்பில் எது வரினும் அது புதிய இலக்கமே. இனி வராதவை ஒன்பது. ஆகவே அடுத்த புதிய இலக்கத்துக்குப் பத்தின் கீழ் ஒன்பது, அதாவது 1.11 சீட்டிழுப்பு வேண்டும். அடுத்ததற்குப் பத்தின் கீழ் எட்டு, அதாவது 1.25. இவ்வாறே 1.43, 1.67, 2, 2.5, 3.33, 5 என ஏறிச்சென்று, எஞ்சிய ஒரே இலக்கத்துக்கு 10 சீட்டிழுப்பு வேண்டியதாகின்றது. இவற்றையெல்லாம் கூட்டினால் 29.29 வரும். எனவே சராசரி ஏறத்தாழ 29 ஆகும்.

இக்கூட்டலில் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. முதல் ஏழு இலக்கங்களும் ஏறத்தாழ 11 சீட்டிழுப்பில் வந்துவிடுகின்றன. கடைசி மூன்று இலக்கங்களுக்கு மட்டும் 18க்கு மேல் செல்கின்றது. காத்திருப்பின் பெரும்பகுதி கடைசியிலேயே உளது. இதற்கு நாம் யாவரும் சரிபார்க்கக்கூடிய ஓர் எடுத்துக்காட்டுத் தருவேன். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுக்க வரும் எண்ணின் தசமதானங்களை வரிசையாக எழுதுக:

14159265358979323846264338327950

இவை லொத்தரில் எடுக்கப்பட்டவையல்ல. எனினும் அவற்றைப் போலவே ஒழுங்கின்றி வருவன. பதின்மூன்றாம் தானத்தில் 7 வந்ததும் ஒன்பது இலக்கங்கள் வந்துவிடுகின்றன. எஞ்சியது சுழி ஒன்றே. அச்சுழியோ முப்பத்திரண்டாம் தானத்திலேதான் வருகின்றது. ஒன்பது இலக்கங்களுக்குப் பதின்மூன்று தானம். ஒற்றைச் சுழிக்குப் பத்தொன்பது தானம்!

சராசரி என்பது எல்லையன்று என்பதையும் மறத்தலாகாது. 27 சீட்டிழுப்பில் பத்தும் வந்து முடிவதற்குப் பாதிக்குச் சற்று மேற்பட்ட வாய்ப்பே உண்டு. நூற்றுக்குத் தொண்ணூறு உறுதி வேண்டுமாயின் 44 சீட்டிழுப்பு வரை செல்லல் வேண்டும். ஆங்கில எழுத்துகள் இருபத்தாறும் ஒரே வாய்ப்புடன் வருவனவாகக் கொண்டு இவ்வாறே கணித்தால், அவை யாவும் வரச் சராசரியாக 100 சீட்டிழுப்பு வேண்டும். நாளொன்றுக்கு ஒரு சீட்டிழுப்பாயின் மூன்று மாதத்துக்கு மேலாகும்.

ஒரு சீட்டிழுப்பில் பல எண்கள் எடுக்கப்படும் லொத்தர்களும் உள. 90 எண்களுள் ஒரே முறையில் 5 எண்களை எடுப்பது ஐரோப்பாவின் பழைய வழக்கம். இவ்வகை லொத்தரை ஒயிலரும் லப்பிளாசும் ஆராய்ந்தனர். 85 சீட்டிழுப்பில் 90 எண்களும் வந்து முடியும் வாய்ப்புப் பாதிக்குச் சற்றுக் குறைவென்றும், 86இல் பாதிக்குச் சற்றுக் கூடுதலென்றும் லப்பிளாசு கணித்தார்.

இனி, கொப்பி எழுதுவோரிடம் வருவோம். முப்பது சீட்டிழுப்புக் கழிந்தும் 7 வரவில்லை எனக் கொள்க. சராசரி 29 அன்றோ? ஆகவே அடுத்ததில் 7 வரும் வாய்ப்புக் கூடியுள்ளதா? இல்லை. பந்துகளுக்கு நினைவு இல்லை. முன்னர் வந்தவற்றை அவை அறியா. அடுத்த சீட்டிழுப்பிலும் 7 வரும் வாய்ப்புப் பத்தில் ஒன்றே. இன்னும் சராசரியாகப் பத்துச் சீட்டிழுப்புக் காத்திருத்தல் வேண்டும். 29 என்பது தொடக்கத்தில் நின்று பார்ப்பவனுக்குரிய எண். இடைவழியில் நிற்பவனுக்கு அது பயன்படாது.

இதனை உணராமையால் நேர்ந்த கேட்டுக்கு இத்தாலி நாடு சான்று. அங்கு வெனிசு நகரின் பெயரால் நடைபெறும் லொத்தரில் 53 என்னும் எண் 2003ஆம் ஆண்டு மே மாதத்துக்குப் பின் வரவேயில்லை. “இனி வந்தே தீரும்” என மக்கள் அவ்வெண்மீது மேன்மேலும் பணங் கட்டினர். கட்டிய தொகை முந்நூற்றைம்பது கோடி யூரோவுக்கு மேற்பட்டதென்றும், சேமிப்பை இழந்தோர் சிலர் உயிர்நீத்தனர் என்றும் செய்தித்தாள்கள் எழுதின. 182 சீட்டிழுப்புகளின் பின், 2005ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி அவ்வெண் வந்தது. அத்தனை நாளும் ஒவ்வொரு சீட்டிழுப்பிலும் அதன் வாய்ப்புப் பதினெட்டில் ஒன்றாகவே இருந்தது, சற்றும் கூடவில்லை.

அங்ஙனமாயின், வராத எண்ணைக் கண்டு இயந்திரத்தில் பழுதென ஐயுறலாமோ? அதற்கும் அவசரங் கூடாது. நம் லொத்தரின் ஓர் இடத்தில் 60 சீட்டிழுப்பின் பின்னும் யாதேனும் ஓர் இலக்கம் எஞ்சிநிற்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு அளவே. ஆயின் ஆறு இடங்களையும் சேர்த்து நோக்கினால் அது நூற்றுக்குப் பத்தாகிவிடுகின்றது; ஆண்டுக்கணக்காக நோக்கினாலோ அத்தகைய நீண்ட இடைவெளி ஒன்றைக் காணாதிருப்பதே அரிது. வியப்பான இடைவெளியைத் தேடிப் பிடித்தவன் அதனையே சான்றாகக் காட்டுதல் முறையன்று. எந்த இலக்கத்தின்மீது ஐயமோ அதனை முன்னரே குறித்துவைத்து, அதன்பின் வரும் சீட்டிழுப்புகளை மட்டும் எண்ணுதல் வேண்டும். ஆயிரம் சீட்டிழுப்பில் அவ்விலக்கம் ஏறத்தாழ நூறு முறை வருதல் இயல்பு. எழுபதுக்குக் குறைந்தால் ஐயத்துக்கு இடமுண்டு, எண்பத்தைந்தாயின் ஐயுறற்க.

மாணவர் விரும்பின், பத்துத் துண்டுக் கடதாசிகளில் இலக்கமிட்டு ஒரு பெட்டியில் இட்டு, எடுத்ததை மீண்டும் இட்டுக் குலுக்கி இதனைச் செய்து பார்க்கலாம். வகுப்பில் முப்பது பேரும் தனித்தனியே செய்து, தத்தம் எண்ணிக்கைகளைக் கூட்டி முப்பதால் வகுத்தால், விடை 29ஐ அடுத்து நிற்கும். ஆயின் ஒருவருக்குப் பதினைந்திலும் முடியலாம். இன்னொருவர் அறுபதாவது துண்டையும் எடுத்துக்கொண்டிருக்கலாம். அவ்விருவரது பெட்டியிலும் பழுதில்லை.